நாட்காட்டி தொங்கிய சுவர்: ஓஎல்இடி திரையில் கணக்கு வேலை செய்ய எது நல்லது?

களுவாஞ்சிக்குடியில் கணக்கு எழுதும் வேலை பார்க்கும் என் மருமகன் போன மாதம் தொலைபேசியில் கேட்டான்: "மாமா, நாற்பத்திரண்டு அங்குல ஓஎல்இடி தொலைக்காட்சி ஒன்றை மேசையில் வைத்து வேலை செய்யலாமா, இல்லாவிட்டால் ஓஎல்இடி திரை உள்ள மடிக்கணினியாகவே வாங்கட்டுமா? விடிந்தால் பொழுதுபட்டால் எக்செல்தான் திறந்திருக்கும். திரையில் அடையாளம் விழுந்துவிடும் என்று ஆட்கள் பயமுறுத்துகிறார்கள்."

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மட்டக்களப்பில் இருந்து கல்முனை வரை சிறிய அலுவலகங்களுக்குக் கணினி பொருத்திக் கொடுத்து வருகிறேன். இப்படி அடையாளம் விழுந்த திரை ஒன்றைச் சில வாரங்களுக்கு முன்னர்தான் பார்த்திருந்தேன். அதை அவனுக்குச் சொன்னேன்.

அது ஒரு மொத்த வியாபாரியின் கணக்கறை. அதே நாற்பத்திரண்டு அங்குலத் தொலைக்காட்சி, பதினான்கு மாதப் பாவனை. வேலை நடக்கும்போது பார்த்தால் குறை எதுவும் தெரியவில்லை. மின்குமிழை அணைத்து, யன்னல் திரையை இழுத்து மூடி, திரை முழுவதையும் கடும் சாம்பல் நிறத்தால் நிரப்பிய பிறகுதான் தெரிந்தது. அடியில் ஒன்றேமுக்கால் சென்டிமீற்றர் உயரத்தில் ஒரு பட்டை. நடுவில் மேலிருந்து கீழாக நூல் போல ஒரு கோடு. உரிமையாளர் வியந்தது அவற்றின் நிறத்தைப் பார்த்துத்தான். பட்டையும் கோடும் சுற்றியுள்ள பகுதியை விட இருட்டாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தார். இரண்டுமே சற்றுக் கூடுதல் வெளிச்சமாக இருந்தன.

சுண்ணாம்பு அடித்த சுவரில் பத்து வருடமாக ஒரே ஆணியில் நாட்காட்டி மாட்டிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். நாட்காட்டியைக் கழற்றினால் அது இருந்த இடம் பளிச்சென்று இருக்கும். அந்த இடத்துக்கு எதுவும் ஆகவில்லை. சுற்றியுள்ள சுவர்தான் வெயிலிலும் புகையிலும் மங்கியிருக்கிறது. ஓஎல்இடி திரையில் "பேர்ன்-இன்" என்று சொல்லப்படுவதும் இதுவே. பெயரில் எரிவு இருந்தாலும் எதுவும் எரிவதில்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் கரிமப் பொருளால் ஆனது. ஒளிரும் ஒவ்வொரு மணி நேரமும் அது சிறிது தேய்கிறது. எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் தேய்ந்தால் திரை மெல்ல மங்குமே தவிரக் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் வேறுவேறு அளவில் தேயும்போதுதான் தழும்பு தெரிகிறது.

அந்தக் கணக்கறையில் எக்செல்லின் வெள்ளைத் தாள்கள் இரண்டு, பாதிக்குப் பாதி, நாள் முழுவதும் திறந்திருந்தன. கீழே விண்டோஸின் பணிப்பட்டை கறுப்பு. இரண்டு தாள்களுக்கும் நடுவில் மெல்லிய கருங்கோடு. வெள்ளை தேய்ந்தது, கறுப்பு புதிதாகவே இருந்தது. பதினான்கு மாதம் கழித்துக் கறுப்பு இருந்த இடம் நாட்காட்டியின் இடமாகிவிட்டது. அவுஸ்திரேலியாவில் இருந்து வரும் ஹார்ட்வேர் அன்பாக்ஸ்ட் என்ற யூடியூப் தளத்தினர், 2024இல் வெளிவந்த ஓஎல்இடி கணினித் திரை ஒன்றை வேண்டுமென்றே சாதாரணத் திரை போல அலுவலக வேலைக்குப் பாவித்து, மாதக்கணக்கில் பதிவு செய்து காட்டினார்கள். அங்கேயும் முதலில் தலைகாட்டியது இரண்டு சாளரங்களுக்கு நடுவிலுள்ள கோடுதான்.

ஆகவே தொலைக்காட்சியா மடிக்கணினியா என்ற கேள்வியை நான் இப்படித் திருப்பிக் கேட்கிறேன்: எதில் தேய்வைக் குறைக்கவும், வந்த தேய்வைச் சமன் செய்யவும் உனக்கு எளிது?

குறைப்பதற்கு: பிரகாசமா, கறுப்பு நிறமா?

தேய்வைக் குறைக்க எல்லோரும் சொல்லும் மருந்துகள் இரண்டு. பிரகாசத்தைக் குறைப்பது ஒன்று, எல்லாவற்றையும் கறுப்பு நிறத்துக்கு மாற்றுவது மற்றது. என் அனுபவத்தில் முதலாவதற்குப் பக்கத்தில் இரண்டாவது நிற்க முடியாது.

காரணம் கணக்கில் இருக்கிறது. பிரகாசத்தைப் பாதியாக்கினால் தேய்வு பாதியாவதோடு நிற்பதில்லை. கரிமப் பொருளின் ஆயுள், பிரகாசம் ஏற ஏற அதைவிட வேகமாகக் குறையும் இயல்புடையது. பாதிப் பிரகாசத்தில் தேய்வு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவோ நான்கில் ஒரு பங்காகவோ ஆகிறது. மருமகன் மாதம் 200 மணி நேரம் வேலை செய்வான் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2,400 மணி நேரம். திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு நிட். திரையை 250 நிட் அளவில் வைத்திருப்பவன் 120 நிட்டுக்கு இறக்கினால், அந்த 2,400 மணி நேரத்தின் தேய்வு பழைய பிரகாசத்தில் 700 மணி நேரம் வேலை செய்ததற்கு ஏறத்தாழச் சமம். வேறெந்த ஏற்பாடும் தனியாக இவ்வளவு தருவதில்லை.

120 நிட் என்றால் எவ்வளவு என்று அளக்கக் கருவி வேண்டியதில்லை. ஒரு வெள்ளை ஏ4 தாளை எடுத்துத் திரையின் ஓரத்தில் பிடியுங்கள். வேர்டில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, அந்த வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும் வரை பிரகாசத்தை இறக்குங்கள். சாதாரண அலுவலக வெளிச்சத்தில், அதாவது 300 லக்ஸ் அளவில், தாளின் வெள்ளை 75 அல்லது 80 நிட்தான். திரை தாளைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். பெரும்பாலானவர்கள் இதைச் செய்து பார்த்துவிட்டு, இவ்வளவு காலமும் மின்விளக்கையா உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று கேட்கிறார்கள்.

இங்கே நம்முடைய ஊரின் வெயில் குறுக்கிடுகிறது. யன்னலுக்கு முதுகு காட்டி உட்காரும்படி மேசை போட்டிருந்தால், பத்து மணி வெளிச்சம் நேராகத் திரையில் விழும். ஓஎல்இடி மடிக்கணினிகளின் திரை பெரும்பாலும் கண்ணாடி போலப் பளபளப்பானது. எழுத்துத் தெரியாமல் பிரகாசத்தை நூற்றுக்கு நூறாக ஏற்றிவிடுவோம். பின்னேரம் அதை இறக்க யாருக்கும் ஞாபகம் வராது. யன்னல் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்பிப் போடுவது செலவில்லாத வேலை, அதன் பலனோ பெரிது. தொலைக்காட்சியைச் சுவரில் மாட்டுவதானால் பின்னேர வெயில் சுடும் மேற்குச் சுவரை விட்டுவிடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தச் சுவரில் கை வைக்க முடியாது. சூடும் தேய்வை விரைவுபடுத்தும்.

மடிக்கணினியில் ஒரு சிக்கல் உண்டு. பல ஓஎல்இடி மடிக்கணினிகள் குறைந்த பிரகாசத்தில் புள்ளிகளை வேகமாக அணைத்து அணைத்து எரிப்பதன் மூலம்தான் மங்கலாக்குகின்றன. சிலருக்கு இதனால் தலைவலி வருகிறது. அதோடு, எரியும் கணத்தில் புள்ளி முழு வேகத்தில் எரிவதால் மேலே சொன்ன மூன்று மடங்கு இலாபமும் முழுமையாகக் கிடைப்பதில்லை. அணைந்திருக்கும் நேரத்துக்கு உரிய இலாபம் மட்டுமே கிடைக்கும். அசூஸ் மடிக்கணினி என்றால் அதன் `MyASUS` செயலியில் மினுக்கம் இல்லாமல் மங்கலாக்கும் வசதி இருக்கிறது. வாங்கும்போது இப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இனிக் கறுப்பு நிறம். எல்லாமே கறுப்பாக இருந்தால், அதாவது எக்செல் தாளும், வங்கியின் இணையப் பக்கமும், பிடிஎப் கோப்பும் கறுப்பாக இருந்தால், அது நல்ல மருந்துதான். எரியாத புள்ளி தேயாது. ஆனால் கணக்கு வேலையில் அப்படி நடக்குமா? வங்கிக் கூற்று வெள்ளையில் வரும், வரிப் படிவம் வெள்ளையில் வரும், வாடிக்கையாளர் அனுப்பும் பற்றுச்சீட்டின் படமும் வெள்ளை. ஆகவே "கறுப்பு முறை" என்று விண்டோஸில் அழுத்திவிட்டு நிம்மதியாக இருப்பவருக்கு உண்மையில் நடப்பது இதுதான்: பணிப்பட்டையும் தலைப்புப் பட்டைகளும் கறுப்பு, நடுவில் உள்ள தாள் மட்டும் வெள்ளை. நாட்காட்டியை நாமே ஆணி அடித்து மாட்டியதற்கு இது ஒப்பானது.

வெள்ளைத் தாளோடு வாழ வேண்டியவர் என்றால் பணிப்பட்டையைக் கறுப்பாக வைத்திருப்பதைவிட வெளிர் சாம்பலாக வைத்திருப்பதே மேல் என்று நான் சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். மொத்தத் தேய்வு அதனால் கூடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் பட்டையும் தாளும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் தேய்வதால் எல்லைக்கோடு தெரியாமல் போகிறது. கண்ணில் குத்துவது எல்லைதான். இதைவிடவும் நல்லது பணிப்பட்டையை மறைத்துவிடுவது. விண்டோஸ் 11இல் `Settings > Personalization > Taskbar > Taskbar behaviors` என்ற இடத்தில் `Automatically hide the taskbar` என்பதைத் தெரிவு செய்தால், சுட்டியைக் கீழே கொண்டு போகும்போது மட்டும் அது எழுந்து வரும். இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும். எக்செல்லின் மேலே உள்ள பெரிய கட்டளைப் பட்டையை `Ctrl+F1` அழுத்தி மடித்துவிடலாம். கணக்கர்களுக்கு அதில் உள்ள பொத்தான்களில் பாதி மனப்பாடம்.

நடுக்கோட்டுக்கு மருந்து இன்னும் எளிது. இரண்டு சாளரங்களைப் பாதிக்குப் பாதி ஒட்ட வைத்த பிறகு, நடுவெல்லையைச் சுட்டியால் பிடித்து ஒரு வாரம் இடது பக்கம் சற்று நகர்த்துங்கள், அடுத்த வாரம் வலது பக்கம். வங்கிக் கூற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் போதும், பேரேட்டுக்குத்தான் அகலம் வேண்டும். கோடு ஒரே இடத்தில் நிற்காவிட்டால் தழும்பாகாது.

தொலைக்காட்சியிலும் சில மடிக்கணினிகளிலும் படத்தைத் தானாகச் சில புள்ளிகள் நகர்த்தும் வசதி இருக்கிறது. எல்ஜி தொலைக்காட்சியில் அதன் பெயர் `Screen Move`. அதை அணைக்காமல் விட்டுவிடுங்கள், ஆனால் அதையே நம்பி இருக்காதீர்கள். எழுத்துகளின் விளிம்பை அது காப்பாற்றும். 4கே திரையில் நூற்றைம்பது வீதம் பெரிதாக்கி வைத்திருந்தால் பணிப்பட்டை 72 புள்ளி உயரம். சில புள்ளி நகர்வு அதன் ஓரத்தைச் சற்று மழுங்கடிக்கும், அவ்வளவுதான்.

சமன் செய்வதற்கு: சுவரில் உள்ள ஆளி

இதுவரை சொன்னவற்றில் தொலைக்காட்சிக்கும் மடிக்கணினிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மருமகன் கேட்ட கேள்விக்கு விடையும் இதிலேதான் இருக்கிறது.

ஓஎல்இடி தொலைக்காட்சி வேலை முடிந்த பிறகு தன்னைத் தானே பரிசோதித்துக்கொள்ளும். எல்ஜி தொலைக்காட்சிகளில், கூட்டிப் பார்த்தால் நான்கு மணி நேரத்துக்கு மேல் பார்த்திருந்து, பிறகு தொலையியக்கியால் அணைத்தால், திரை கறுப்பாக இருக்கும்போதே உள்ளே ஒரு வேலை தொடங்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் மின்சாரம் கொடுக்கும் சின்னஞ்சிறு டிரான்சிஸ்டர்கள் தம் வழக்கமான அளவில் இருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளந்து, அடுத்த நாளுக்குத் திருத்திக் கொடுக்கும். சில நிமிட வேலைதான் இது. பல மாதிரிகளில் அணைத்துச் சற்று நேரம் கழித்துப் பின்புறத்தில் "டிக்" என்று ரிலே விழும் ஓசை கேட்கும். வேலை முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம். இது தவிர நீண்ட சுற்று ஒன்றும் உண்டு. ஏறத்தாழ 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் ஓடும். தேய்ந்த புள்ளிகளை அளந்து அவற்றுக்குக் கூடுதல் மின்சாரம் ஒதுக்கும். `Pixel Cleaning` என்ற பெயரில் அதைக் கையாலும் தொடங்கலாம்.

இரண்டுக்கும் ஒரே நிபந்தனை: அணைத்த பிறகும் மின்சாரம் இருக்க வேண்டும்.

நாமோ என்ன செய்கிறோம்? கடை சாத்தும்போது சுவரிலுள்ள ஆளியைத் தட்டிவிட்டுத்தான் போகிறோம். இது சின்ன வயதில் இருந்து கையில் ஊறிய பழக்கம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாவிப் பக்கம் இருந்து இடி முழங்கினால் பிளக்கையே பிடுங்கிவிடுவோம். அதில் தவறில்லை, மின்னலில் கருகிய கருவிகளை நானே எத்தனையோ கழற்றியிருக்கிறேன். ஆனால் அந்த மொத்த வியாபாரியின் கணக்கறையில் நடந்தது என்ன என்று விசாரித்தபோது, பையன் ஒவ்வொரு நாளும் மாலை ஐந்தரைக்கு முதலில் கணினியை மூடுவான், அடுத்த நிமிடமே சுவர் ஆளியைத் தட்டுவான். தொலையியக்கி இருந்த உறையைக்கூட அவர்கள் பிரிக்கவில்லை. மாதம் 225 மணி நேரம் வீதம் பதினான்கு மாதத்தில் 3,150 மணி நேரம். அந்தத் தொலைக்காட்சிக்குத் தன்னைச் சரிபார்த்துக்கொள்ள ஒருநாள்கூட அவகாசம் கிடைத்ததாகத் தெரியவில்லை. நீண்ட சுற்று இரண்டாயிரத்தில் ஒருமுறை ஓடியிருக்க வேண்டும், அதுவும் நடந்திருக்காது. பட்டையும் கோடும் விழுந்ததற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், பிரகாசமும் உச்சத்தில்தான் இருந்தது. ஆனால் வந்த தேய்வு திருத்தப்படாமலே சேர்ந்துகொண்டு போனது இதனால்தான்.

அன்று மாலை நீண்ட சுற்றை ஓடவிட்டோம். மறுநாள் காலையில் நடுக்கோடு தேடினால்தான் தெரிந்தது. அடிப்பட்டை மங்கியது, போகவில்லை. அதன் பிறகு உரிமையாளர் உற்சாகத்தில் வாரம் ஒருமுறை அந்தச் சுற்றை ஓட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தச் சுற்று தேய்ந்த புள்ளிக்குக் கூடுதல் மின்சாரம் கொடுத்துத்தான் சமன் செய்கிறது. கையிருப்பில் இருந்து எடுத்துக் கொடுக்கும் பணம் போன்றது. கையிருப்பு முடிவில்லாதது அல்ல. தானாக வரும்போது வரட்டும்.

சரி, இடியும் உண்டு, ஆளியும் போட்டிருக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? மின்னல் தடுப்புச் செருகி நேரடி மின்னலைத் தாங்கும் என்று நம்பி இரவு முழுவதும் விடச் சொல்ல எனக்கு மனமில்லை. நான் கண்ட வழி மதிய இடைவேளை. பன்னிரண்டரைக்குச் சாப்பிடப் போகும்போது தொலைக்காட்சியைத் தொலையியக்கியால் அணைத்துவிட்டு, சுவர் ஆளியைத் தொடாமல் போக வேண்டும். முந்தைய நாள் பின்னேரமும் இன்று காலையும் சேர்ந்து நான்கு மணி நேரத்தைத் தாண்டியிருக்கும். சாப்பிட்டு வரும் ஒரு மணி நேரத்துக்குள் சிறிய சுற்று முடிந்துவிடும். காத்தான்குடியில் ஒரு கடைக்கு இதைச் சொன்னபோது, வெள்ளிக்கிழமை ஜும்ஆ இடைவேளை இன்னும் நீளமானது, நீண்ட சுற்றுக்கும் அது போதும் என்று அவர்களே கணக்குப் போட்டுவிட்டார்கள். மாலையில் வழக்கம் போல ஆளியைத் தட்டலாம், பிளக்கைப் பிடுங்கலாம். மின்சாரம் நடுவில் போய் ஒருநாள் தவறினாலும் பெரிதில்லை. ஒவ்வொரு நாளும் தவறுவதுதான் கெடுதி.

தொலைக்காட்சிக்கு இன்னொரு தொல்லை உண்டு. சில நிமிடங்கள் படம் அசையாமல் இருந்தால் அதுவே மெல்ல மெல்ல மங்கிவிடும். நீண்ட பேரேட்டைப் படித்துக்கொண்டிருக்கும்போது திரை மங்குவது எரிச்சலாகத்தான் இருக்கும். பழுது பார்ப்பவரின் தொலையியக்கியைக் கொண்டு உள் பட்டியலுக்குள் போய் அதை நிறுத்தித் தருகிறோம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு உடன்படாதீர்கள். அது காவற்காரனைச் சம்பளம் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது போன்றது, உத்தரவாதத்துக்கும் ஆபத்து.

மடிக்கணினியின் பக்கம்

மடிக்கணினியில் ஆளிப் பிரச்சினை இல்லை, பற்றரி இருக்கிறது. மின்வெட்டு வந்தாலும் வேலை நிற்காது. ஆனால் தொலைக்காட்சியில் உள்ளது போல நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னை அளந்து திருத்தும் வசதியைப் பெரும்பாலான மடிக்கணினிகளில் நாம் காண்பதில்லை. சில தயாரிப்பாளர்கள் "புள்ளிப் புதுப்பிப்பு" என்ற பெயரில் தருவது, சும்மா இருக்கும் நேரத்தில் ஓடும் திரைக்காப்பு. அசையாத படத்தை அகற்றுவதால் நன்மை உண்டு, ஆனால் தேய்ந்ததை அது திருத்தாது.

ஆகவே மடிக்கணினிக்காரர் முன்கூட்டியே குறைப்பதில்தான் கவனம் வைக்க வேண்டும். அதில் மடிக்கணினிக்கு ஒரு வசதி: யாரும் இல்லாதபோது திரையை அணைப்பது மிக எளிது. ஒரு கணக்கு அலுவலகத்தில் திரை எரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் எவ்வளவு நேரம் உண்மையில் ஒருவர் அதைப் பார்க்கிறார் என்று கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும். தேநீர் குடிக்க, வங்கிக்குப் போக, வாசலில் வாடிக்கையாளரோடு பேச என்று எழுந்து போனவரின் எக்செல் அரை மணி நேரம் சும்மா எரியும். கட்டளை வரியில் இதைத் தட்டினால், மின்சாரத்தில் இருக்கும்போது மூன்று நிமிடத்திலும் பற்றரியில் இரண்டு நிமிடத்திலும் திரை அணையும்:

```
powercfg /change monitor-timeout-ac 3
powercfg /change monitor-timeout-dc 2
```

தொலைக்காட்சியில் இதே கட்டளை கணினியின் சைகையை நிறுத்தும், ஆனால் தொலைக்காட்சி உடனே அணையாது. சைகை இல்லை என்று சொல்லிக்கொண்டு சிறிது நேரம் இருந்துவிட்டுத்தான் அணையும். அசையாத எக்செல்லை விட அது பரவாயில்லை.

மடிக்கணினிக்கு உள்ள மிகப் பெரிய வசதி வேறு. அதில் இன்னொரு திரையைச் செருகலாம். நாள் முழுவதும் அசையாமல் கிடக்கும் எக்செல்லையும் வங்கிக் கூற்றையும் சாதாரண ஐபிஎஸ் திரை ஒன்றில் போட்டுவிட்டு, ஓஎல்இடி திரையை மின்னஞ்சலுக்கும், காணொளிக்கும், வெளியே வேலைக்குக் கொண்டு போகவும் வைத்துக்கொள்ளலாம். ஐபிஎஸ் திரையில் ஒளி பின்னால் இருந்து வருகிறது, புள்ளிகள் தாமே எரிவதில்லை. அசையாத படத்தால் ஓஎல்இடியில் விழுவது போன்ற தழும்பு அதில் விழாது. கறுப்பு அவ்வளவு ஆழமாக இருக்காது, ஆனால் பேரேட்டில் ஆழமான கறுப்பைக் கொண்டு என்ன செய்யப் போகிறோம்?

வாங்கும் முன் உத்தரவாதப் பத்திரத்தில் அசையாத படத்தால் வரும் தழும்பு அடங்குமா என்று கடையில் எழுத்தில் கேளுங்கள். கட்டாரில் இருந்து உறவினர் கொண்டு வரும் பெட்டி என்றால், அங்கே கொடுத்த உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதையும் பெட்டி விமானம் ஏறும் முன்னர் கேட்டுவிடுங்கள்.

தழும்பா, தற்காலிக நிழலா?

ஏற்கனவே ஓஎல்இடி வைத்திருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. உலாவியின் முகவரிப் பட்டையில் இதைத் தட்டி, பிறகு `F11` அழுத்துங்கள்:

```
data:text/html,<body style="background:rgb(64,64,64)">
```

திரை முழுவதும் கடும் சாம்பல் நிறமாகும். அறையை இருட்டாக்கி இரண்டு அடி தள்ளி நின்று பாருங்கள். வெள்ளைத் திரையில் தேடினால் அகப்படாது. தழும்பு இருட்டுச் சாம்பலில்தான் முதலில் முகம் காட்டும். பட்டையோ கோடோ தெரிந்தால் உடனே கலங்க வேண்டாம். சில மணி நேரம் வெள்ளைத் தாளைத் திறந்து வைத்திருந்தாலே மெல்லிய நிழல் தங்கும், அது தானே போய்விடும். தொலைக்காட்சியைத் தொலையியக்கியால் அணைத்து, ஆளியை விட்டுவிட்டு, மறுநாள் காலை எதையும் திறக்கும் முன் மறுபடி பாருங்கள். மடிக்கணினி என்றால் இரவு முழுவதும் மூடி வைத்துவிட்டுப் பாருங்கள். காலையில் இல்லாவிட்டால் அது நிழல். அதே இடத்தில் அதே விளிம்போடு இருந்தால் தேய்வு தொடங்கிவிட்டது. பிரகாசத்தையும் சாளரங்களின் இடத்தையும் அன்றே மாற்ற வேண்டும்.

மருமகனுக்கு நான் சொன்னது: மடிக்கணினியை வாங்கு, மிச்சப் பணத்தில் ஒரு ஐபிஎஸ் திரை வாங்கி எக்செல்லை அதில் போடு. ஒருவர் மட்டும் இருந்து, மதியத்தில் ஒழுங்காகத் தொலையியக்கியால் அணைத்து, இரவில் படமும் பார்க்கும் வீட்டு அலுவலகம் என்றால் தொலைக்காட்சியைத் தெரிவு செய்திருப்பேன். நாற்பத்திரண்டு அங்குலத்தில் ஒரு வருடப் பேரேட்டை ஒரே பார்வையில் பார்க்கும் வசதிக்கு இணை இல்லை. அவனுடைய அலுவலகத்தில் மூன்று பேர் வந்து போகிறார்கள், கடைசியாகப் போகிறவர் யாரோ அவர் ஆளியைத் தட்டிவிடுவார்.

"இல்லை மாமா, தொலைக்காட்சிதான்" என்று வாங்கியே விட்டான். போன ஞாயிற்றுக்கிழமை பொருத்திக் கொடுக்கப் போனேன். வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்துப் பிரகாசத்தை இறக்கி, பணிப்பட்டையை மறைத்து முடிக்கும்போது, அவன் சுவர் ஆளியின் மேல் வெள்ளை ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டிப் பேனையால் எழுதிக்கொண்டிருந்தான்: "மதியம் தொடாதே. டிக் சத்தம் கேட்ட பிறகு."